தொண்ணூறு சதவீதம் கொடுத்த பிறகு: ஒரு வீட்டுப் புதுப்பிப்பு ஒப்பந்ததாரர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தென்புறநகரில் 1990களின் நடுவில் கட்டிய தனி வீடு. கீழ்த்தளம், மாடி இரண்டிலும் ஒரே குடும்பம் இருக்கிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், கணவரின் தாயாருக்கு எழுபதைத் தாண்டிய வயது. கீழ்த்தளக் குளியலறையில் தரை வழுக்குகிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. மாடிக் குளியலறையில் குழாய்த் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது. சமையலறை மேடை பழைய கடப்பா கல், இரண்டு இடத்தில் விரிசல். மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிடலாம் என்று பொங்கலுக்கு முன்பே முடிவு செய்தார்கள்.

ஒப்பந்ததாரர் அதே பகுதியில் பல ஆண்டுகளாக வேலை செய்பவர். தெருவிலேயே இரண்டு வீடுகளில் அவர் செய்த வேலையைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள். மொத்தத் தொகை 6,40,000 ரூபாய். டைல்ஸ், குழாய்ச் சாமான்கள், கிளாசெட் ஆகியவை வீட்டுக்காரர் வாங்கித் தருவது. மற்ற பொருளும் கூலியும் ஒப்பந்ததாரர் பொறுப்பு. வேலை 45 நாளில் முடியும் என்று சொன்னார்.

எழுத்தில் இருந்தது ஒரே ஒரு பக்கம். அதில் ஏழு வரிகள். “இரண்டு பாத்ரூம் இடித்து அப்புறப்படுத்தி முழுவதும் புதிதாக”, “பிளம்பிங் வேலை”, “வாட்டர் புரூப்”, “கிச்சன் கிரானைட், எட்ஜ் பாலிஷ் சேர்த்து” என்ற அளவில்தான். பின்னால் எழுந்த ஒவ்வொரு சச்சரவும் இந்த ஏழு வரிகளில் ஏதோ ஒன்றின் பொருள் என்ன என்பதைப் பற்றியதுதான். பணம் கொடுக்கும் முறை மட்டும் தெளிவாக எழுதியிருந்தது: முன்பணம் 30 சதவீதம், முதல் குளியலறை இடித்து முடித்ததும் 30, டைல்ஸ் ஒட்ட ஆரம்பிக்கும்போது 30, கடைசியில் 10.

நான் கட்டட வேலை மேற்பார்வை செய்யும் பொறியாளர். குடும்பத்துக்குத் தெரிந்தவர் மூலமாக வேலை பாதி நடந்த நிலையில் என்னை அழைத்தார்கள். அதற்கு முன் நடந்ததை அவர்களுடைய குறிப்புகள், படங்கள், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைக் கொண்டு எழுதுகிறேன்.

முதல் ஆறு வாரம்

ஜனவரி கடைசி வாரத்தில் மாடிக் குளியலறையில் இடிப்பு தொடங்கியது. ஒரு வாரத்தில் பழைய டைல்ஸும் பூச்சும் போய்ச் செங்கல் தெரிந்தது. அப்போதுதான் இரண்டு விஷயங்கள் வெளிப்பட்டன. சுவருக்குள் இருந்த ஜி.ஐ. குழாய்கள், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள், உள்ளே துருவடைத்து, விரல் நுழைய வேண்டிய துளையில் பென்சில்தான் நுழைந்தது. குளியலறைத் தரைக்குக் கீழே கான்கிரீட் தளம் ஓர் அடி பள்ளமாக இருந்தது. அதில் நிரப்பியிருந்த செங்கல் ஜல்லி முழுக்க ஈரம். அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் நிலை.

முப்பது வருட வீட்டில் இவை இரண்டும் எதிர்பார்க்க வேண்டியவைதான். அந்தக் காலத்தில் சுவருக்குள் ஜி.ஐ. குழாய் போடுவதே வழக்கம், போர் தண்ணீரின் உப்பு அதை அரித்துவிடும். விலை சொல்லும் முன், தரைத் தண்ணீர் வெளியேறும் வாயான நானி டிராப் பக்கத்தில் ஒரு டைலையும், குழாய் போகும் இடத்தில் கையகலப் பூச்சையும் பெயர்த்துப் பார்த்திருந்தால் இவை தெரிந்திருக்கும். ஒப்பந்ததாரர் அதைச் செய்யவில்லை. திறந்து பார்த்த பிறகு “இது எக்ஸ்ட்ரா வரும் சார், கடைசில பாத்துக்கலாம்” என்றார். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் வீட்டுக்காரர்களும் ஒரு மாற்றம் கேட்டார்கள். தரையில் நிற்கும் கிளாசெட்டுக்குப் பதிலாகச் சுவரில் தொங்கும் வகை வேண்டும் என்றார்கள். அதற்குச் சுவருக்குள் மறையும் தண்ணீர்த் தொட்டியும் இரும்புச் சட்டமும் தேவை. சட்டத்தை மறைக்க முன்னால் ஓர் அரைச்சுவர் எழுப்ப வேண்டும். கழிவுக் குழாயின் இடமும் மாறும். அறையின் அளவு மாறியதால் சுவர் டைல்ஸையும் வேறு அளவில் வாங்கினார்கள். சாமான் வந்து சேரும் வரை 13 நாள் வேலை நின்றது. இந்தத் தாமதம் ஒப்பந்ததாரருடையது அல்ல.

பிப்ரவரி கடைசியில் மாடியில் டைல்ஸ் ஒட்ட ஆரம்பித்தார்கள். ஒப்பந்தப்படி மூன்றாம் தவணையும் அன்றே போனது. அதோடு 5,76,000 ரூபாய் கொடுத்தாயிற்று. கீழ்த்தளக் குளியலறையும் சமையலறையும் அன்று வரை தொடப்படவே இல்லை. என் கணக்கில் முடிந்திருந்த வேலையின் மதிப்பு, பொருளோடு சேர்த்து, இரண்டேகால் லட்சத்தைத் தாண்டாது. ஒப்பந்ததாரர் கெட்டவர் என்பதால் இப்படி ஆகவில்லை. முதல் மூன்று தவணையும் வேலையின் ஆரம்பக் கட்டங்களோடு கட்டப்பட்டிருந்தன, முடிவதோடு கட்டப்பட்டது கடைசிப் பத்து சதவீதம் மட்டும். முதல் குளியலறையிலேயே மூன்று தவணையும் தீர்ந்துபோகும்படி அந்த வரிகள் எழுதப்பட்டிருந்தன.

அந்தத் தவணை போன பிறகு ஆட்கள் குறைந்தார்கள். இதற்குச் சாட்சி தாயார். தினசரி காலண்டர் தாளில் அன்று எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எத்தனை மணிக்கு வந்தார்கள், போனார்கள் என்று அவர் குறித்துவைத்திருந்தார். வேறு வேலையில்லாமல் குறித்ததாக வீட்டில் நினைத்தார்கள். பின்னால் தாமதத்தைப் பிரித்துக் கணக்குப் போட உதவியது அந்தத் தாள்கள் மட்டுமே.

கூரையில் ஈரம்

மார்ச் முதல் வாரத்தில் மாடிக் குளியலறை புழக்கத்துக்கு வந்தது. உடனே கீழ்த்தளக் குளியலறையை இடித்து, சுவரில் காடி எடுத்துப் புதுக் குழாய்களையும் பொருத்திவிட்டார்கள். அத்தோடு கொத்தனார்களும் டைல்ஸ் ஆட்களும் ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பினார்கள். அவர்கள் பீகார், ஒடிசா பக்கத்தினர். இரண்டு வாரம் யாரும் இல்லை. இதுவும் முன்கூட்டித் தெரிந்த விஷயம். சென்னையில் இன்று டைல்ஸ் வேலை பெரும்பாலும் வடமாநில ஆட்கள் கையில் இருக்கிறது. பொங்கலுக்கு நம்மூர் ஆட்கள் இல்லாததைக் கணக்கில் எடுக்கும் ஒப்பந்ததாரர்கள் ஹோலியையும் சத் பூஜையையும் கணக்கில் எடுக்காமல் நாள் சொல்லிவிடுகிறார்கள்.

ஆட்கள் இல்லாத அந்த நாட்களில்தான் மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, சாப்பாட்டு அறைக் கூரையில் தட்டு அளவுக்கு ஓர் ஈரத் திட்டு தெரிந்தது. என்னை அழைத்தது அப்போது.

ஒப்பந்ததாரர் தொலைபேசியில் சொன்ன விளக்கம், “பழைய ஈரம் மேடம், காயறதுக்கு டைம் எடுக்கும்.” இது முழுப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. பள்ளத்தில் நிரப்பியது பல வருடம் ஊறிக் கிடந்தால் கான்கிரீட் காய வாரக்கணக்கில் ஆகும். ஆனால் காயும் ஈரம் சுருங்கும். அதனால் முதலில் செய்தது, திட்டின் விளிம்பைப் பென்சிலால் வளைத்துத் தேதி போட்டதுதான். மூன்றாம் நாள் ஈரம் கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை வந்திருந்தது. எங்கிருந்தோ புதுத் தண்ணீர் வருகிறது.

அப்படியானால் வழி மூன்றுதான். அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாய், கழிவு வெளியேறும் குழாய், தரை. எது என்று தெரியாமல் டைல்ஸை உடைத்தால் நல்ல வேலையும் சேர்ந்து போகும். ஒவ்வொன்றாக விலக்கினோம்.

குழாயை முதலில் எடுத்தோம். அறைக்கு வரும் வால்வை மூடி, குழாய் முனைகளை அடைத்து, கை பம்பால் 7 கிலோ அழுத்தம் ஏற்றி இரண்டு மணி நேரம் விட்டோம். முள் அசையவில்லை. சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாயில் ஒட்டுப் பசை சரியாகப் பிடிக்காத மூட்டு இருந்தால் இந்த நேரத்துக்குள் முள் இறங்கிவிடும். ஒப்பந்ததாரரின் பிளம்பர் நல்ல வேலைக்காரர் என்பது அப்போதே தெரிந்தது.

அடுத்து, குளியலறையை இரண்டு நாள் காயவிட்டு, தரையை நனைக்காமல், வாளியிலிருந்து குழாய் வழியாக நேராக நானி டிராப்புக்குள் மட்டும் தண்ணீர் ஊற்றினோம். கூரையில் மாற்றம் இல்லை. டிராப்பிலிருந்து வெளியே போகும் குழாயும் அதன் மூட்டும் சரி.

மூன்றாவதாக டிராப்பின் வாயை ரப்பர் அடைப்பானால் மூடி, தரையில் இரண்டு அங்குல உயரத்துக்குச் சாயம் கலந்த தண்ணீர் நிறுத்தினோம். ஒன்றரை நாளில் கீழே திட்டு கருத்தது. பூச்சில் லேசாகச் சாயமும் தெரிந்தது. வழி தரைதான்.

டிராப்பைச் சுற்றி நாலு டைலைப் பெயர்த்தோம். தண்ணீர் புகாமல் தடுக்கும் பூச்சு அங்கே டிராப்பின் விளிம்பு வரை வரவில்லை. மூன்று விரற்கடை தள்ளியே நின்றுவிட்டது. டிராப்புக்கும் தளத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் சாதாரணச் சிமெண்டுக் கலவையை அப்பியிருந்தார்கள். காயும்போது சுருங்கி, குழாயைச் சுற்றி முடி நுழையும் இடுக்கு விட்டிருந்தது. சுவர்ப் பக்கம் பார்த்தால் பூச்சு நாலு அங்குலம்தான் ஏறியிருந்தது. குறைந்தது ஓர் அடி ஏற வேண்டும், ஷவர் நிற்கும் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏற வேண்டும். பள்ளத்தின் அடியில் கான்கிரீட் மேல் ஒரு முறை, நிரப்பிய பிறகு மேலே ஒரு முறை என்று இரண்டு இடத்தில் பூச வேண்டியதை மேலே மட்டும் பூசியிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் நிறுத்திப் பார்க்கவே இல்லை. பூச்சு காய்ந்த பின் டிராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தினால் போதும். இதே குறை டைல்ஸ் இல்லாத தரையில் தெரிந்திருக்கும், ஒரு கொத்தனார் அரை நாளில் சரிசெய்திருப்பார். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்ததால் அது 12 நாள் வேலையானது.

மற்ற வேலைத் தரம்

மாடித் தரையில் ஷவர் மூலையில் தண்ணீர் தேங்கியது. ஆறு அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். இங்கே மூலையிலிருந்து பாதி தூரம் வரை ரசமட்டம் சமமாகக் காட்டியது. எப்படியும் தரையைத் திரும்பப் போட வேண்டியிருந்ததால் இது தனிச் சச்சரவாகவில்லை.

சுவரில் பிரச்சினை வேறு. நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனால் சிலவற்றில் ஓசை கெட்டியாக இருந்தது, சிலவற்றில் பொள்ளலாக இருந்தது. பொள்ளலான இடங்களைச் சாக்பீஸால் குறித்தோம். பதினொரு டைலில் பாதிக்கு மேல் பொள்ளல். தரைக்காகப் பெயர்த்த அடிவரிசையில் காரணம் தெரிந்தது. டைலின் பின்புறம் முழுக்கப் பசை தடவாமல் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்தியிருந்தார்கள். அதுவும் டைல் பசை அல்ல, குழைத்த வெறும் சிமெண்டு. விட்ரிஃபைடு டைல் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் சிமெண்டு அதன் முதுகில் வேர் பிடிப்பதில்லை. தரைக்குப் பசை பயன்படுத்தியவர்கள் சுவருக்கு ஏன் மாற்றினார்கள் என்று கேட்டபோது, பசை மூட்டை தீர்ந்துவிட்டது, காத்திருந்தால் நாள் போகும் என்று நிறுத்தவில்லை என்றார் மேஸ்திரி. பணம் முன்னால் போய்விட்ட இடத்தில் பசை மூட்டை வாங்குவதற்கும் அவசரம் இருக்காது.

சமையலறையைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். கிரானைட் பதித்தவர் நேர்த்தியான ஆள். இரண்டு பலகை சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் தடுக்கவில்லை. தொட்டியைச் சுற்றி அடியிலிருந்து தாங்கு கொடுத்திருந்தார். குளியலறைக் கதவு நிலைகளும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது நேராக நின்றன. ஒரே ஒப்பந்ததாரரின் கீழ் பிளம்பரும் கிரானைட் ஆளும் இவ்வளவு நன்றாகச் செய்ய, ஈரத் தடுப்பும் டைல்ஸும் இவ்வளவு மோசமாகப் போனதற்குக் காரணம், அந்த இரண்டு வேலைக்கும் அவர் தளத்தில் வந்து நிற்கவில்லை என்பதுதான். அதே நாட்களில் அவருக்கு வேறொரு வீட்டில் தளம் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது.

எடுத்த முடிவுகள்

குடும்பத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒப்பந்ததாரரை நிறுத்திவிட்டு வேறு ஆளை வைப்பது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது, அல்லது அவரை வைத்தே சரிசெய்து முடிப்பது.

வேறு ஆளை வைத்தால் கொடுத்த பணம் பெரும்பாலும் போனதுதான். வருகிறவர் முந்தையவர் செய்த தரைக்குப் பொறுப்பேற்கவும் மாட்டார். ஆணையம் உண்மையான வழி. இத்தகைய வேலையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைதான். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையான தொகைக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் 200 ரூபாய் மட்டும், இரண்டு வருடத்துக்குள் போகலாம். ஆனால் கையில் முறையான பில் இல்லை, ஒப்பந்தம் ஏழு வரி. வழக்கு முடியும் வரை ஈரத் தரையை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. அதனால் அந்த வழியைக் கைவிடாமல், சான்றுகளை மட்டும் சேர்த்துவைத்து மூன்றாவது வழியில் போக முடிவு செய்தார்கள். படங்கள், சாயத் தண்ணீர் சோதனையின் காணொளி, தேதி போட்ட பென்சில் கோடு, காண்டிராக்டரின் செய்திகள், பணம் அனுப்பிய பதிவுகள், காலண்டர் தாள்கள் எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்தன.

ஆட்கள் திரும்பியதும் ஒப்பந்ததாரரை வீட்டுக்கு வரச் சொல்லி, பெயர்த்த தரையைக் காட்டினோம். குரல் உயரவில்லை. டிராப்பைச் சுற்றியிருந்த இடுக்கில் அவரே ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார். “நான் நின்னிருந்தா இப்படி ஆயிருக்காது சார்” என்றார். தரையைத் தன் செலவில் திரும்பப் போட ஒப்புக்கொண்டார். சுவரில் நாலடிக்குக் கீழே கைபடும், இடிபடும் இடத்தில் உள்ள பொள்ளல் டைல்ஸை மாற்றுவது, மேலே உள்ளவற்றை விட்டுவிடுவது என்று முடிவானது. எல்லாவற்றையும் பெயர்க்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெயர்க்கும் அதிர்வில் பக்கத்து டைல்ஸும் விடும், ஈரத் தடுப்புப் பூச்சும் கிழியும் என்பதால் நான் வேண்டாம் என்றேன்.

கீழ்த்தளக் குளியலறையில் குழாய்கள் இன்னும் மூடப்படாமல் இருந்தது வசதியாகப் போயிற்று. அங்கே பூச்சுக்கு முன் குழாய் அழுத்தச் சோதனை, டைல்ஸுக்கு முன் 48 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை, இரண்டையும் வீட்டுக்காரர் கண் முன் செய்ய வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். சோதனையில் தேறிய பிறகே அடுத்த வேலை. ஓடும் குழாய்களின் மேல் டேப்பை வைத்துப் படமும் எடுத்துக்கொண்டோம். சில நாளிலேயே அது பயன்பட்டது.

கூடுதல் செலவுக் கணக்கு

மே முதல் வாரத்தில் ஒப்பந்ததாரர் கூடுதல் செலவு என்று 1,78,000 ரூபாய்க்கு ஒரு தாள் கொடுத்தார். மொத்தமாக மறுப்பதும் மொத்தமாக ஏற்பதும் இரண்டுமே தவறாக இருந்திருக்கும். ஒவ்வொரு வரியையும் மூன்று கேள்வி வைத்துப் பார்த்தோம்: ஒப்பந்தத் தாளில் இது ஏற்கெனவே உள்ளதா, இல்லையென்றால் யார் கேட்டது, அளவு சரியா.

குழாய்க்கு அவர் கேட்டது 48,000, அடிக்கு 250 வீதம் 192 அடி. டேப் வைத்த படங்களையும் மாடியில் வெளியே தெரியும் குழாயையும் கூட்டினால் வந்தது 126 அடி. அதில் 58 அடி குளியலறைகளுக்கும் சமையலறைக்கும் உள்ளே. அது “பிளம்பிங் வேலை” என்ற வரியில் அடங்கும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் 68 அடி மட்டும் உண்மையில் கூடுதல். அதற்கு 17,000. விலையை நாங்கள் குறைக்கவில்லை, அளவைத்தான் திருத்தினோம். அதனால் அவராலும் மறுக்க முடியவில்லை.

பள்ளத்தை அள்ளி, நிரப்பி, ஈரத் தடுப்புப் பூச 42,000 கேட்டார். ஊறிய ஜல்லியை அள்ளுவது ஒப்பந்தத் தாளில் இல்லை என்பதால் அள்ளி நிரப்பிய 24,000 ஏற்கப்பட்டது. ஈரத் தடுப்பு ஒப்பந்தத் தாளிலேயே இருப்பதால் 18,000 நீங்கியது. கீசருக்குத் தனி ஒயர் இழுத்ததற்கு 16,000 முழுதும் ஏற்கப்பட்டது. பழைய மெல்லிய ஒயரில் கீசரை மாட்டியிருந்தால் அதுதான் ஆபத்து. தொங்கும் கிளாசெட்டுக்கான 32,000 வீட்டுக்காரர் கேட்ட மாற்றம், அதையும் முழுதாகக் கொடுத்தார்கள். கிரானைட் விளிம்புக்குக் கேட்டது 22,000. தாளில் “எட்ஜ் பாலிஷ் சேர்த்து” என்று இருந்தது, செய்ததோ வளைவான மோல்டிங். வித்தியாசத்துக்கு 8,000. இடித்த குப்பையை, அதாவது ரப்பீஸை, அள்ளியதற்குக் கேட்ட 18,000க்கு எதுவும் இல்லை, காரணம் தாளின் முதல் வரியே “இடித்து அப்புறப்படுத்தி” என்று சொல்கிறது.

மொத்தம் 97,000. ஒப்பந்தத் தொகையோடு சேர்த்தால் 7,37,000, அதில் 5,76,000 கொடுத்தாயிற்று.

வேலைக்குப் பின் துப்புரவு

இந்தப் பகுதியைப் பலர் கடைசியில் கூட்டிப் பெருக்குவது என்று நினைக்கிறார்கள். இங்கே அதிகச் சேதம் செய்தது இதுதான்.

ரப்பீஸில் பாதி வண்டியில் போயிற்று. மீதி பக்கத்துக் காலி மனையில், மழைநீர் வடிகால் ஓரமாகக் கொட்டப்பட்டது. மனைக்காரர் சண்டைக்கு வந்தது ஒப்பந்ததாரரிடம் அல்ல, வீட்டுக்காரரிடம். சட்டமும் அப்படித்தான். 2016 கட்டுமான இடிபாட்டுக் கழிவு விதிகளின்படி கழிவை உண்டாக்கும் தரப்பே அது தெருவிலோ வடிகாலிலோ போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இந்தக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் உள்ளன. ஒழுங்காக அனுப்ப இடமில்லை என்று சொல்ல முடியாது.

அடுத்தது சாக்கடை. கீழ்த்தளத்தில் வேலை முடிந்த வாரமே தண்ணீர் எதிர்த்து வந்தது. வெளியே சேம்பரைத் திறந்தால், நாலு அங்குலக் குழாயின் அடியில் ஒன்றரை அங்குலத்துக்குச் சிமெண்டு இறுகிக் கிடந்தது. டைல்ஸ் ஆட்கள் மாலையில் கலவைச் சட்டியையும் கரண்டியையும் கழுவிய தண்ணீர் முழுவதும் நானி டிராப்பில் போயிருந்தது. சிமெண்டுப் பால் குழாயின் வாட்டம் குறைந்த இடத்தில் படிந்து கல்லாகிவிடும், அதைக் கரைக்க முடியாது, தட்டித்தான் எடுக்க வேண்டும். வேலை தொடங்கும்போதே டிராப்பின் வாயைச் சாக்கும் பாலித்தீனும் வைத்து அடைத்து, சட்டிகளை ஒரு டிரம்மில் கழுவி, தெளிந்த தண்ணீரை மட்டும் வெளியே விட்டிருந்தால் போதும். அடியில் தங்குவதை ஒரு மூட்டையில் கட்டிவிடலாம்.

கடைசி நாளில் டைல்ஸ் மேல் இருந்த சிமெண்டுக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள். கறை போனது. புதுக் குழாய்களின் நிக்கல் பூச்சில் கருப்புப் புள்ளிகள் வந்தன, டைல்ஸ் இடுக்கில் நிரப்பிய குரௌட்டும் சில இடத்தில் பொரிந்தது. குரௌட் போட்ட அரை மணிக்குள் ஈர ஸ்பாஞ்சால் துடைத்திருந்தால் ஆசிட்டுக்கு வேலையே இல்லை.

சாக்கடை தட்ட 6,500, குழாய்கள் மாற்ற 4,200, மனையிலிருந்து ரப்பீஸை அகற்ற 7,300. குடும்பம் தன் கையிலிருந்து செலவழித்த இந்த 18,000 பாக்கியிலிருந்து கழிக்கப்பட்டது.

முடிவு

45 நாள் என்றது 104 நாளானது. கூடுதலான 59 நாளைக் காலண்டர் தாள்கள் இப்படிப் பிரித்தன: கிளாசெட் மாற்றம் 13, ஹோலி 14, மாடித் தரையைத் திரும்பப் போட்டது 12, ஆட்களை வேறு தளத்துக்கு அனுப்பியது 20. தாமதத்துக்குத் தண்டத் தொகை என்று எதுவும் எழுதியிருக்கவில்லை, குடும்பமும் கேட்கவில்லை.

பாக்கி 1,61,000இல் 18,000 போக 1,43,000. அதை மூன்றாகப் பிரித்தோம். இரண்டு குளியலறைத் தரையும் தண்ணீர்ச் சோதனையில் தேறியதும் 60,000. எல்லாம் ஒப்படைத்ததும் 53,000. மீதி 30,000 வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு. மழைக்காலத்தில் சுவர் ஈரத்தையும் குளியலறைக் கசிவையும் குழப்பிக்கொள்ள இடமுண்டு என்பதால், அது கடந்து கூரை காய்ந்திருந்தால் தரையை நம்பலாம் என்று வைத்துக்கொண்டோம். ஜனவரியில் பென்சில் கோடு அப்படியே இருந்தது, உள்ளே பூச்சு வெளுத்துக் காய்ந்திருந்தது. கடைசித் தவணையும் போயிற்று.

தீராமல் நின்றவையும் உண்டு. மாற்றிய டைல்ஸ் வேறு தொகுப்பில் வந்தவை என்பதால் நிறம் இழை அளவு மாறித் தெரிகிறது. மேலே விட்டுவைத்த பொள்ளல் டைல்ஸ் எத்தனை வருடம் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. தாயார் இரண்டு மாதத்துக்கு மேல், இரவில் கூட, குளியலறைக்காக மாடிப்படி ஏறி இறங்க நேர்ந்தது. அதற்கு எந்தக் கணக்கிலும் வரி இல்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இதே குடும்பம் இப்போது மொட்டை மாடியில் தட்டோடு பதிக்க வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறது. அதற்கு எழுதிய ஒப்பந்தத்தில் முக்கியமாக மாற்றியது தவணை. முன்பணம் 15 சதவீதம் மட்டும். அடுத்த ஒவ்வொரு தவணையும் சோதனையோடு கட்டப்பட்டிருக்கிறது: பழைய தளம் எடுத்து விரிசல்கள் அடைத்ததைப் பார்த்த பின் ஒன்று, ஈரத் தடுப்புக்கு மேல் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திக் கீழே கூரையைப் பார்த்த பின் ஒன்று, ஓடு பதித்துத் தட்டிப் பார்த்த பின் ஒன்று. பத்து சதவீதம் மழைக்குப் பிறகு.

விலை சொல்லும் முன் இரண்டு இடத்தில் ஓரடி சதுரம் பெயர்த்துப் பார்ப்பது என்றும், அதற்கான கூலியை வீட்டுக்காரர் கொடுப்பது என்றும் பேசியிருக்கிறார்கள். கூடுதல் வேலை எதுவானாலும் அளவும் விலையும் செய்தியில் அனுப்பி, “சரி” என்று பதில் வந்த பிறகே தொடங்க வேண்டும். ரப்பீஸ் எங்கே போகிறது, கலவைச் சட்டி எங்கே கழுவுவது, மழைநீர்க் குழாயின் வாயை யார் அடைப்பது ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்கின்றன. புதிய ஒப்பந்ததாரர் இவற்றில் ஒன்றுக்கு மட்டும் மறுப்புச் சொன்னார். முன்பணம் 15 போதாது, ஓடு வாங்கவே 20 வேண்டும் என்றார். ஓட்டை வீட்டுக்காரரே நேராகச் சூளையிலிருந்து வாங்கித் தருவது என்று பேசி முடித்தார்கள்.